எழுபது எழுத்தில் ஒரு விசாரிப்பு

தென்காசியில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஆறு வருஷம் ஃபோன் எடுக்கிற வேலை பார்த்தேன். பதவிக்குப் பெயர் ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைக்க இருந்தது ஒரே ஒரு டெக்னீஷியன். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தண்ணீரைச் சுத்தம் பண்ண மெஷினா என்று சிரிக்கிறவர்கள், சுரண்டைப் பக்கம் போய் போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

டெக்னீஷியனை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். ஐம்பது தாண்டியவர். ஒரு டி.வி.எஸ். வண்டி, ஒரு பை, பைக்குள் ஃபில்டர்கள். பண்பொழியில் காலை, ஆய்க்குடியில் மத்தியானம், சாரல் காலத்தில் குற்றாலத்து லாட்ஜுகளில் சாயந்தரம். வேலை முடிந்ததும் முதல் டம்ளர் தண்ணீரைத் தானே குடித்துக் காட்டுவார். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர்கள் காபி கொடுப்பார்கள்.

அவருக்கு வந்தது ஒரு சோதனை. வருஷா வருஷம் ஜூலை கடைசியில் அவருடைய கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள். ஒரு வருஷம் சென்னை தலைமை அலுவலகம் புதிதாக ஒரு விதி போட்டது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் பிறகு வாடிக்கையாளருக்கு ஒரு மெசேஜ் போகும். அதற்குப் போதுமான பதில் வர வேண்டும், வருகிற பதிலில் பெரும்பாலானவை நல்லதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கான்ட்ராக்ட் கிடையாது. அண்ணாச்சிக்கு மே மாதம் முழுவதும் வந்த பதில் இரண்டு.

காரணம் எனக்குத் தெரியும். வேலை முடிந்தது என்று அவர் கம்பெனி ஆப்பில் பதிந்த நொடியே மெசேஜ் போய்விடும். அப்போது அவர் அந்த வீட்டில்தான் மூடியைத் திருகிக்கொண்டிருப்பார். மெசேஜ் ஆங்கிலத்தில், ஒரு முழ நீளப் பத்தி, கடைசியில் ஒரு லிங்க். வீட்டில் உள்ளவர்கள் அதையும் வேலை முடிந்ததும் அவர் கேட்கிற ஓ.டி.பி. என்று நினைத்து போனையே அவரிடம் நீட்டுவார்கள். "அண்ணாச்சி, இன்னொண்ணு வந்திருக்கு, என்னன்னு பாருங்க." வேறு ஆளாக இருந்தால் ஐந்து நட்சத்திரத்தையும் தானே அமுக்கியிருப்பான். இவரோ தொடவே மாட்டார்.

"எனக்கு நானே மார்க் போட்டுக்கிடணுமா? அதெல்லாம் நல்லாருக்காது" என்பார்.

இந்தக் கொள்கைப் பிடிப்பைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். சென்னை மேனேஜருக்கு எழுதினேன்: மெசேஜைத் தமிழில், சின்னதாக, வேறு நேரத்தில் அனுப்பினால் பதில் வரும். அவர் உடனே, "நீங்களே எழுதிக் கொடுங்க, உங்க ஏரியாவுல மட்டும் சோதிச்சுப் பாப்போம்" என்றார். நான் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஒரு அநியாயத்தைத் தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் என்றால் ஒரு மெசேஜுக்கு நூற்றறுபது எழுத்து. தமிழில் எழுபதுதான். அதைத் தாண்டினால் இரண்டு மெசேஜாக எண்ணுவார்கள். அந்த எழுபதிலும் புள்ளிக்குத் தனி எண்ணிக்கை, கொம்புக்குத் தனி எண்ணிக்கை, காலுக்குத் தனி எண்ணிக்கை. 'கு' என்று ஒரு எழுத்தை எழுதினால் இரண்டு போய்விடும். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக் கொடுத்தவர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள்.

அந்த மெசேஜுக்குத் திருப்பிப் பதில் அனுப்பவும் முடியாது. கம்பெனி பெயரில் வருகிற மெசேஜுகள் எல்லாமே அப்படித்தான். அதனால் மிஸ்டு கால் முறை. இரண்டு எண்கள். நல்லது என்றால் ஒன்று, குறை என்றால் மற்றொன்று. அடித்தால் ஒரு ரிங் போகும், தானாகக் கட் ஆகும், அடித்தவரின் எண் பதிவாகும். யாருக்கும் பைசா செலவில்லை. இரண்டு நாள் அடித்துத் திருத்தி, 'சர்வீஸ் நல்லதா?' என்று கேட்டு ஒரு எண், 'குறையா?' என்று கேட்டு ஒரு எண், 'மிஸ்டு கால் தரவும்' என்று முடித்தேன். எண்ணிப் பார்த்தால் அறுபத்து நான்கு. மிச்சம் இருந்த ஆறில் ஓர் இடைவெளியும் 'நன்றி'யும் கச்சிதமாக உட்கார்ந்தன. அன்றைக்கு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நேரத்துக்கும் யோசித்தேன். இரண்டிலிருந்து நாலு வரை ஊரே தூங்கும். ஏழு மணிக்கு மேல் சீரியல். மறுநாள் கேட்டால் யார் வந்தது என்றே மறந்திருக்கும். ஆகவே அன்றன்று முடிந்த வேலைகளுக்கெல்லாம் சாயந்தரம் ஆறே நாற்பதுக்கு. காபி குடித்தாகிவிட்டது, டி.வி. இன்னும் போடவில்லை, போன் கையில் இருக்கிறது. சென்னையில் இருக்கிறவனுக்கு இது தெரியுமா? வாசகத்தை டெலிகாம் கம்பெனியில் பதிவு செய்து அனுமதி வாங்கப் பத்து நாள் ஆனது. இனி ஒரு புள்ளியை மாற்றினாலும் மறுபடி பத்து நாள் என்றார்கள். எதற்கு மாற்றப் போகிறோம் என்றேன்.

ஜூலை பிறந்ததும் அனுப்ப ஆரம்பித்தோம். பதில்கள் கொட்டின. அனுப்பியவர்களில் பாதிக்கு மேல் அடித்தார்கள். மேனேஜர் போன் பண்ணி, "என்ன மேஜிக் பண்ணீங்க?" என்றார். மூன்றாம் நாள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே குறை.

அண்ணாச்சிக்கா? காலில் விழாத குறையாகக் கூப்பிட்டு வேலை வாங்கும் வீடுகளிலிருந்தா? ஒரு ஆய்க்குடிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"குறையா? எனக்கா? அண்ணாச்சி தங்கமான ஆளு. அதைச் சொல்லத்தான் மேல உள்ள நம்பருக்கு அடிச்சேன். கட் பண்ணிட்டாக. திரும்ப அடிச்சேன், திரும்பவும் கட் பண்ணுதாக. சரி, கீழ இன்னொரு நம்பர் இருக்கேன்னு அதுக்கு அடிச்சேன். அங்கனயும் கட் பண்ணுதாக. ஏன் இப்படிப் பண்ணுதிய?"

எங்கள் பக்கத்தில் கடை போர்டானாலும் விசிட்டிங் கார்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் இரண்டு எண் இருக்கும். முதல் எண் எடுக்காவிட்டால் இரண்டாவது. நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று எவன் படிக்கிறான்? சிஸ்டமோ ஒருவர் கடைசியாக எந்த எண்ணுக்கு அடித்தாரோ அதைத்தான் அவர் பதிலாக எடுத்துக்கொள்ளும். ஆக, யாருக்கு அண்ணாச்சி மேல் பிரியம் அதிகமோ அவர்கள் விடாமல் அடித்து அவரைக் குறைக்காரராக்கினார்கள். சுரண்டையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் முதல் எண்ணுக்கு ஒன்பது தடவை அடித்துவிட்டுத்தான் கீழே இறங்கியிருந்தார். 'கால் தானாகக் கட் ஆகும்' என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். அதற்கு இடமில்லாமல் 'நன்றி' சொல்லியிருந்தேன்.

மேனேஜருக்கு விளக்கினேன். "டேட்டா அப்படிச் சொல்லலையே மேடம்" என்றார். வாசகத்தை மாற்றக் கேட்டால், இவ்வளவு பதில் வருகிறதை எதற்கு மாற்றி மறுபடி பத்து நாள் காத்திருக்க என்று மறுத்துவிட்டார். நேரத்தை மாற்றி மத்தியானம் மூன்று மணிக்கு வைத்துப் பதிலைக் குறைக்கலாமா என்றுகூட யோசித்தேன். பதில் குறைந்தாலும் கான்ட்ராக்ட் போய்விடும்.

இதற்கிடையில் அந்தப் பட்டியல் அண்ணாச்சியின் ஆப்பிலும் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. காபி வேண்டாம் என்கிறாராம், வேலை முடிந்ததும் நிமிர்ந்து பார்க்காமல் கிளம்புகிறாராம் என்று வாடிக்கையாளர்கள் எனக்கு போன் பண்ணினார்கள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"பத்து வருசமாப் போற வீடும்மா. மூஞ்சிக்கு நேரா சிரிச்சிட்டு, பெறவு குறைன்னு போடுதாக. அந்தக் காபியை எப்படிக் குடிக்கது?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. நான் எழுதின ஒரு வரி அவரை அந்த வீடுகளிலிருந்தெல்லாம் பிரித்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

மாதக் கடைசியில் வீடியோ மீட்டிங். மேனேஜர் திரையில் பட்டியலைக் காட்டினார். முதலில் எனக்குப் பாராட்டு. பதில் இவ்வளவு வந்தது வேறெங்கும் கிடையாது, ஆகையால் இந்த வாசகத்தை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம். அடுத்தது அண்ணாச்சியின் கான்ட்ராக்டை முடித்துக்கொள்வது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"சார், ஒரு நிமிஷம். அந்த மெசேஜை உங்க போனுக்கு அனுப்பியிருக்கேன். உங்களுக்கு சர்வீஸ் நல்லா இருந்துச்சுன்னு வச்சிக்கிட்டு அடிங்க" என்றேன்.

பொறுமையாக அடித்தார். "கட் ஆயிடுச்சே" என்றார். மறுபடி அடித்தார். "இங்க டவர் சரியில்லைன்னு நினைக்கிறேன்." போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "ரெண்டாவது நம்பர் ட்ரை பண்றேன்" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். அவர் காட்டிக்கொண்டிருந்த அதே திரையில், பட்டியலின் கடைசி வரியாக, அவருடைய எண் சிவப்பில் வந்து விழுந்தது: குறை.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல அடிச்ச நம்பரையே பதிலா எடுத்துக்கச் சொல்றேன்" என்றார். அப்படி எடுத்துப் பார்த்ததும் திரையில் தெரிந்த வரிகள் எல்லாம் பச்சையாக மாறின. அண்ணாச்சிக்குக் கான்ட்ராக்ட் வந்தது.

பச்சைப் பட்டியலை அவருக்கு ஓடிப்போய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு வாரமாகக் காபி குடிக்காத வீடுகள் அவை. முகம் தெளிந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "எம்மா, இது ஒண்ணு செவப்பாத்தான் இருக்கு."

குற்றாலத்தில் ஒரு வீடு. முதல் எண்ணுக்கு அடிக்கவே இல்லை. நேராக இரண்டாவது எண். ஒரே தடவை. தேதி ஜூலை ஒன்பது.

அங்கேயே நின்று அந்த வீட்டுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். வயதான ஒரு பெண் குரல். "ஆமா, அன்னைக்கே குறைங்கிற நம்பருக்கு அடிச்சேன். மிஸ்டு கால்னுதானே போட்டிருந்துச்சு, கட் ஆயிட்டு. சரி, பதிஞ்சிக்கிட்டாக, ஆளு வரும்னு இருக்கேன். மெஷினுக்குக் கீழ ட்யூப் ஒழுகுது. வாளி வச்சிருக்கேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டு நச்சரிக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தேன். மூணு வாரமாச்சி."

நான் எழுதியதை எழுதியபடி படித்த ஒரே வாடிக்கையாளர். அந்த இரண்டாவது எண் எங்கே போகிறது, அடித்தால் யார் போய்ப் பார்ப்பார்கள் என்று மேனேஜரும் யோசிக்கவில்லை, புள்ளி புள்ளியாக எண்ணின நானும் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அண்ணாச்சி அதற்குள் பையைத் தோளில் மாட்டி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

"எம்மா," என்றார் அந்த அம்மா, "குறையான்னு கேட்டு நம்பர் போடுதியளே, அந்தப் பக்கம் ஆளு யாரும் இருக்காகளா?"

"நான் இருக்கேன்மா" என்றேன்.