முப்பத்தொன்றாம் பிரிவு

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் ‘கமா அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் வந்த பெயர். எழுத்தராகச் சேர்ந்து, மாலைக் கல்லூரியில் சட்டம் படித்து, பதினெட்டு வருஷமாக ஒப்பந்தப் பிரிவில் தனியாளாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் எழுதும் குறிப்புகளைப் படிக்கிறவர்கள்தான் யாரும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, தலையில் பாதிக்குச் சாயம் தடவியிருந்தபோது போன் வந்தது. அறுவை அரங்குக்குப் போகும் பெரிய லிஃப்ட் நின்றுவிட்டதாம். இன்னொரு லிஃப்ட்டில் கட்டில் நுழையாது. நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் வைத்து நான்கு பேர் படிக்கட்டில் தூக்கி வருகிறார்கள். லிஃப்ட் கம்பெனிக்காரர் திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்று சொல்லிவிட்டார்.

தலையை அரைகுறையாக அலசிக்கொண்டு அவள் ஓடினாள். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் நரை. வாசலில் பார்த்த தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை. அதற்கு அவளுக்கு நேரமில்லை.

கோப்பைத் திறந்ததும் அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்ட் பராமரிப்புக்கு மூன்று காகிதங்கள், மூன்றும் மூன்று திசை. முதன்மை ஒப்பந்தத்தில், எந்த நாளானாலும் நான்கு மணி நேரத்தில் மெக்கானிக் வர வேண்டும். கம்பெனி தயாரித்துக் கொடுத்த இணைப்பில், வேலை நாட்களில் இருபத்துநான்கு மணி நேரம். கொள்முதல் ஆணையில், அடுத்த வேலை நாள். அந்த ஆணையைப் போட்டது அவளுடைய மருத்துவமனையின் கொள்முதல் பிரிவேதான். ஏதோ பழைய படிவத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பியிருந்தார்கள். இதைச் சரிசெய்யச் சொல்லி அவள் மூன்று முறை எழுதியிருந்தாள்.

கம்பெனி மேலாளர் போனில் நிதானமாகப் பேசினார். கொள்முதல் ஆணைதான் கடைசியாக வந்தது, கடைசியில் வந்ததே செல்லும் என்றார். போதாததற்கு, இணைப்பிலேயே ‘இந்த இணைப்பே மேலோங்கும்’ என்று எழுதியிருக்கிறதே என்றார்.

“சார், ஒப்பந்தத்துல முப்பத்தொன்றாம் பிரிவை எடுத்துப் பாருங்க,” என்றாள். “முரண்பாடு வந்தா முதல்ல ஒப்பந்தம், அப்புறம் இணைப்பு, கடைசியில கொள்முதல் ஆணை. தேதிக்கு அங்க வேலையே இல்ல. இணைப்பு முந்தணும்னா எந்தப் பிரிவை மாத்துதுன்னு எண்ணைச் சொல்லியிருக்கணும். உங்க இணைப்புல எண் இல்ல. ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட திருத்தமும் இல்ல.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். படித்துவிட்டுப் பேசுவதாகச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து, ஆள் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. நான்கு மணி நேரம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது மெக்கானிக் வந்து சேர்ந்தார்.

பார்த்துவிட்டு அவர் சொன்னதுதான் அடுத்த தலைவலி. லிஃப்ட்டைத் தூக்கும் கம்பிவடம் தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். கொள்முதல் அதிகாரி இதற்காகவே காத்திருந்தவர்போலத் துள்ளி வந்தார். வடம் உட்பட எல்லா உதிரிபாகமும் இலவசம் என்று அவருடைய கொள்முதல் ஆணையில் இருந்தது. ஒப்பந்தத்திலோ வடம் சேராது என்று பச்சையாக எழுதியிருந்தது.

“இப்ப கம்பெனிக்காரங்ககிட்ட என் ஆணையைக் காட்டும்மா,” என்றார்.

“காட்ட முடியாது சார். காலைல எது மேலன்னு நானேதான் சொன்னேன். வடம் நம்ம செலவு.”

“நீ யார் பக்கம்?”

 மூன்று முறை எழுதிய குறிப்புகளை அவர் மேசையிலேயே விரித்துக் காட்டலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் வெளியே படிக்கட்டில், இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவரை அங்குலம் அங்குலமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சண்டைக்கு இது நேரமில்லை.

“நான் முப்பத்தொன்றாம் பிரிவு பக்கம் சார். இதுல கையெழுத்துப் போடுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே வடத்துக்கான ஒப்புதலில் கையெழுத்திட்டார். ஞாயிறு மதியம் வடம் மாறியது. லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

திங்கட்கிழமை இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, இனி அவள் பார்க்காமல் எந்தக் கொள்முதல் ஆணையும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவிட்டார். பாராட்டு மாதிரிதான் இருந்தது. இருக்கைக்குத் திரும்பினால், அதற்குள் நாற்பத்தாறு ஆணைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். உதவிக்கு ஆள் போடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் காகிதத்தை எடுத்து, பல்லைக் கடித்தபடி படிக்க ஆரம்பித்தாள்.