கோல் விட்டால் தேவேந்திரன் வெளியே வருவான்

சிங்கவரத்து இளையபெருமாள் கோலில் நின்றால் காற்றுகூட பக்கவாட்டில்தான் போகும் என்று செஞ்சியில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவன் இளையபெருமாளேதான். பள்ளிக்கூடத்து ஹாக்கி டீமில் கோல்கீப்பராகக் காலில் பேடு கட்டியபோது ஆரம்பித்த பேச்சு, பட்டாளத்தில் சேர்ந்து லடாக்கில் இருக்கும் லேவுக்குப் போன பிறகும் நிற்கவில்லை.

லேவில் ஹாக்கி ஐஸ் மேல். செஞ்சி வெயிலில் பாறையில் முட்டை உடைத்தால் ஆம்லெட். லேவில் முட்டையை உடைக்கவே சுத்தியல் வேண்டும். பட்டாளத்து ஐஸ் ஹாக்கி டீமுக்கு ஆள் தேடிய கோச் நவாங் சாப், "ஹாக்கி ஆடினவன் யார்?" என்று கேட்டதும் இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று இளையபெருமாளுடையது. இன்னொன்று அனந்தபுரத்து தேவேந்திரனுடையது. சக்கரம் இல்லாத கத்திச் செருப்பில் நிற்கப் பழகுவதற்குள் இருவரும் விழுந்த வேகத்தில் ஏரி ஐஸ் ஒரு அங்குலம் இறங்கியிருக்கும்.

விழுவதைவிட விதிதான் பெரிய தொல்லை. முதல் நாள் பந்துக்குப் பதில் இருந்த ரப்பர் வில்லையை இளையபெருமாள் தன் கோலிலிருந்து ஓங்கி ஓர் அடி அடித்தான். அது யார் மேலும் படாமல் எதிர்க்கோல் கோட்டைத் தாண்டிப் போனது. விசில்.

"இன்னாடா தப்பு? நம்மூர்ல இதுக்குக் கை தட்டுவாங்க" என்றான்.

"இதுக்குப் பேரு ஐசிங்காம். பாதி மைதானத்துக்கு இந்தப் பக்கம் இருந்து அப்படி விரட்டக் கூடாதாம்" என்றான் தேவேந்திரன். "நம்ம ஆட்டத்துல வெளிய போனா அவனுங்களுக்கு ஒரு ஃப்ரீ ஹிட்டு, அதோட போச்சு. இங்க நம்ம கோலுக்குப் பக்கத்துல திரும்பவும் ஆரம்பிக்கணும். மூச்சு வாங்குற ஆளை மாத்தவும் விடமாட்டாங்க."

தேவேந்திரனுக்குத் தொல்லை ஆஃப்சைடு. ஊர் ஹாக்கியில் அந்த விதியை எடுத்தே பல வருஷம் ஆகிவிட்டது. எதிரி கோல்கீப்பர் பக்கத்தில் நின்று அவனுக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டே பந்துக்குக் காத்திருக்கலாம். இங்கே ஒரு நீலக்கோடு. வில்லை அதைத் தாண்டும் முன் இவன் தாண்டினால் விசில். முதல் மாதம் அந்த விசில் ஊதிய நடுவருக்குக் கன்னமே வீங்கிவிட்டது.

ஆனால் பழகிய பிறகு தேவேந்திரன் ஆடிய ஆட்டம்! அவன் திரும்பினால் ஐஸ் கீறும் சத்தம் அனந்தபுரம் சந்தை வரை கேட்கும் என்பான் இளையபெருமாள். ஜனவரி இறுதிப் போட்டிக்குத் தேர்வாளர்கள் வருவதாகச் செய்தி வந்தது. பெரிய பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறார்களாம். மார்ச்சில் தேவேந்திரனுக்குச் சமவெளிக்கு மாற்றல். ஐஸை விட்டால் விட்டதுதான். அவனுக்கு இது ஒன்றே வாய்ப்பு.

நவாங் சாபுக்கும் அதே மார்ச்சில் ஓய்வு. எத்தனையோ வருஷம் டீம் நடத்தியும் அந்தக் கோப்பையை அவர் தொட்டதில்லை.

போட்டியன்று தேர்வாளர்களின் விமானம் தாமதம். கடைசிப் பகுதி பாதி முடிந்தபோதுதான் வந்து உட்கார்ந்தார்கள். இளையபெருமாளின் டீம் இரண்டுக்கு ஒன்று என முன்னிலை. மூன்று நிமிஷம் பாக்கி. எதிரி ஆள் ஒருவன் கோலுக்குப் பக்கவாட்டில் நழுவிப் போனான். இளையபெருமாள் தன் மட்டையை அவன் காலுக்கு நடுவில் விட்டு இழுத்தான். தெரிந்தேதான் செய்தான். ஊரில் ஆயிரம் தடவை செய்தது. மிஞ்சினால் பச்சை அட்டை, தான் இரண்டு நிமிஷம் வெளியே, பேடு கட்டிய வேறொருவன் கோலில் நிற்பான் என்பது அவன் கணக்கு.

நடுவர் கை தூக்கினார். இளையபெருமாள் மகராசன் மாதிரி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு தண்டனைப் பெட்டி பக்கம் கிளம்பினான். அவர் அவனைத் திருப்பிக் கோலுக்கே அனுப்பினார். ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர் செய்த தப்புக்கு, அப்போது ஐஸில் இருந்த இன்னொருவன் இரண்டு நிமிஷம் போய் உட்கார வேண்டும்.

தடுப்பாட்டக்காரர்களை இழக்க முடியாத நவாங் சாப் கை காட்டியது தேவேந்திரனை.

தேவேந்திரன் பெட்டிக்குள் போய், தேர்வாளர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

ஆட்டம் தொடங்கியது. எதிரிக்கு ஓர் ஆள் அதிகம், அதற்குப் பவர் பிளே என்று பேர். ஆள் குறைந்த டீமுக்கு மட்டும் ஒரு சலுகை: ஐசிங் விசில் கிடையாது. கையில் வந்த வில்லையை இளையபெருமாள் ஓங்கி விரட்டினான். யாரும் ஊதவில்லை. பிறந்ததிலிருந்து அடித்த அடிதான், ஆனால் இன்று சந்தோஷம் வரவில்லை. பெட்டியில் இருந்த முதுகுதான் கண்ணில் நின்றது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஊரில் அட்டை வாங்கியவன் எத்தனை கோல் விழுந்தாலும் நேரம் முழுக்க உட்கார வேண்டும். இங்கே அப்படி இல்லை. இந்த இரண்டு நிமிஷத்துக்குள் எதிரி ஒரு கோல் போட்டுவிட்டால், உட்கார்ந்தவன் உடனே எழுந்து வரலாம்.

கோல் விட்டால் தேவேந்திரன் வெளியே வருவான்.

சீ, என்று அதைத் துரத்தினான். அது போகாமல் கோல் கம்பியில் சாய்ந்து நின்றது. அடுத்த அடி தாழ்வாக இடது பக்கம் வந்தது. பார்த்தான். நன்றாகவே பார்த்தான். கால் போயிருக்க வேண்டும். ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதமாகப் போனது.

இரண்டுக்கு இரண்டு. பெட்டிக் கதவு திறந்தது.

அதன் பிறகு தேவேந்திரன் ஆடியதை இளையபெருமாள்கூடப் பெரிதாக்கிச் சொல்ல முடியாது. எதிரிகள் மூன்று பேரை நிற்க வைத்துவிட்டுப் போனான். நீலக்கோட்டில் ஒரு கால் வைத்து, வில்லை முன்னே போகும்வரை கொக்கு மாதிரி காத்து, பிறகே உள்ளே பாய்ந்தான். அடித்த அடி கம்பியில் பட்டுத் திரும்பியது. ஆட்டம் சமனாகி, ஷூட்அவுட் என்னும் ஒற்றைக்கு ஒற்றை அடிகளில் இவர்கள் தோற்றார்கள். தேர்வாளர்கள் தேவேந்திரனின் பேரைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

நவாங் சாப் இளையபெருமாளின் ஹெல்மெட்டைத் தட்டி, அந்த அடியை யாராலும் தடுத்திருக்க முடியாது என்றார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பான்.

விடுமுறையில் செஞ்சிக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டு எதிரே, முகாமுக்குத் தேர்வான தேவேந்திரனுக்கு பிளக்ஸ். கோட்டையைவிட ஒரு முழம் உயரம் என்று இளையபெருமாள் சொல்லவேண்டிய இடம். சொல்லவில்லை. கரும்புச்சாறு கடையில் தேவேந்திரன் அவன் தோளில் கை போட்டான்.

"இன்னாடா பெருமாளு, மூஞ்சி இப்டி வாடிக் கெடக்குது? லே ஐஸ இன்னும் முழுங்கிக்கினு இருக்கியா?"

"ரெண்டாவது கோலு..." என்றான் இளையபெருமாள். "தடுத்திருக்கலாம்டா. நீ வெளிய வரணும்னு நெனச்சுட்டேன். அதுக்கப்புறம் கால் போவல."

கரும்பு மெஷினில் மணி குலுங்கிக்கொண்டிருந்தது. தேவேந்திரன் கையை எடுத்துக்கொண்டான். டம்ளரைச் சுற்றினான்.

"தெரியும்டா. உன் காலு தெரியாதா எனக்கு?" குரல் இறங்கியது. "பெட்டியில உக்காந்துக்கினு நான் இன்னா வேண்டினேன் தெரியுமா? சாமி, ஒரு கோலு உள்ள போகட்டும்னு. நம்ம டீமுக்கு எதிரா வேண்டுனவன் நான். அவனுக்குப் பாரு, பிளக்ஸ்."

இருவரும் பிளக்ஸைப் பார்த்தார்கள். அதில் தேவேந்திரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சாப் பாவம்டா" என்றான் இளையபெருமாள்.

"ஆமா. ஐஸ்ல ஒரு கோலு வாங்கினா எழுந்து வந்துடலாம். இந்தத் தப்பு நம்ம ஊரு அட்டை மாதிரி, உக்காந்தேதான் ஆவணும் போல."

"உக்காந்தது போதும்" என்று இளையபெருமாள் போனை எடுத்தான்.

"டேய், இன்னா சொல்லப் போற? வேணாம்டா... சரி, ஸ்பீக்கர்ல போடு. நானும் சொல்றேன்."

லேவில் மணி அடித்தது. நவாங் சாப் எடுத்தவுடனே சந்தோஷமாகக் கத்தினார், இவன் போன மாதம் அனுப்பிய வேர்க்கடலை இன்னும் தீரவில்லையாம், இளையபெருமாளின் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி என்றும் கேட்டார். தேவேந்திரன் முழங்கையால் இடித்தான்.

"சாப்" என்றான் இளையபெருமாள். "அந்த ரெண்டாவது கோல்..."