நாற்பத்திரண்டு ரூபாய் டாலர்

அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், கன்னட மண்ணில் ஒரு பெருநகரின் ஓரமான சந்தாபுராவில் செவிப்புலன் குறைந்த குழந்தைகளுக்கான ஒரு பள்ளியின் பொருளாளராக ஊதியமின்றி இருந்தேன். காலையில் பாசுரங்களைச் சொல்லி முடித்துப் பேருந்து ஏறினால், பத்து மணிக்கு என் நாற்காலியில் இருப்பேன்.

அது 2006ஆம் ஆண்டின் இறுதி. கடல்கடந்த அறக்கட்டளை ஒன்று அடுத்த ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலர் தர இசைந்து, வரவுசெலவுத் திட்டத்தைக் கேட்டிருந்தது. எங்கள் கணக்கர், வேலூரிலிருந்து வந்த இளைஞர், அதைத் தயாரித்து என் முன் வைத்தார். மொத்தம் இருபத்துமூன்றரை லட்சம். டாலருக்கு நாற்பத்தேழு ரூபாய் என்று போட்டிருந்தார்.

"இன்னைக்கு பேங்க்ல நாப்பத்தஞ்சுதானேப்பா?"

"ஆமா சார். சேஃப்டிக்கு ரெண்டு ரூபா ஏத்திப் போட்டிருக்கேன்."

அவர் அதற்குமுன் வைட்ஃபீல்டில், வெளிநாட்டு இயந்திரங்களை வாங்கும் நிறுவனத்தில் இருந்தவர். டாலரில் பணம் கட்டுபவருக்கு விலை ஏறுவதுதான் ஆபத்து. ஆகவே அங்கே ஏற்றிப் போடுவது விவேகம். டாலரைப் பெற்று ரூபாயில் செலவழிக்கும் எங்களுக்கோ விலை இறங்குவதுதான் ஆபத்து. அவர் கவசத்தை முதுகுப்பக்கம் கட்டியிருந்தார். விளக்கியதும் மொத்தத்தின்மேல் விரலை வைத்தார்.

"சார், மேடம் இந்த டோட்டலைப் பாத்துட்டுத்தான் ரெண்டாவது வேனுக்கு வாக்குக் குடுத்தாங்க."

ஆனேக்கல்லுக்கு அப்பாலுள்ள கிராமங்களில் பதினான்கு குழந்தைகள், இருந்த ஒரே வேன் அந்தப் பக்கம் போகாமையால், பள்ளிக்கு வர இயலாதிருந்தார்கள். அவர் சொன்ன மேடம், எங்கள் பள்ளியின் நிர்வாகி, முந்தின ஞாயிறன்றுதான் வேன் வரும் என்று அவர்களின் பெற்றோரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

நிர்வாகி, மூன்று தலைமுறையாக இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி, சினம் வந்தால் கன்னடம் கலப்பார். டாலர் விலையைக் குறைத்து, ஐந்து விழுக்காடு ஒதுக்கி நான் திருத்திய தாளைப் பார்த்ததும் கலந்தார்.

"ஏன் சார் ஹீகே, இப்படி? தொண்ணூத்தொண்ணுலேந்து பாக்கறேன், ரூபா விழுந்துண்டேதானே இருக்கு? என்னிக்காவது நின்னு எழுந்திருக்கா?"

"எழுந்தா என்னம்மா பண்ணுவோம்? வருஷ நடுவுல பணம் குறைஞ்சா முதல்ல நிக்கறது வேன்தான்."

"தினம் காலம்பற பாசுரம் சொல்றேள். பெருமாள்மேல நம்பிக்கை இல்லையா?"

"பெருமாள்மேல இருக்கும்மா. டாலர்மேலதான் இல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் உள்ளுக்குள் கலங்கினேன். சரணாகதி என்று வாயால் சொல்லிவிட்டு ஐந்து விழுக்காடு ஒதுக்கி வைப்பது அவநம்பிக்கையா என்று அன்று முழுவதும் எண்ணினேன். என் பிழைப்பை அவனிடம் ஒப்படைக்க எனக்கு உரிமை உண்டு. பிறர் பிள்ளைகளின் வேனை அளக்காமல் விட உரிமையில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மூவரும் அமர்ந்து மீண்டும் எழுதினோம். டாலருக்கு நாற்பத்திரண்டு, மொத்தம் இருபத்தொரு லட்சம். அதில் ஒரு லட்சம், அதாவது செலவுகளின் ஐந்து விழுக்காடு, விகித மாற்றத்துக்கான தனி ஒதுக்கு. செலவுக்கு இருபது லட்சம். சராசரி நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்காதவரை ஒரு பணியும் நிற்காது. அன்றைய வங்கி விலை, நாங்கள் கொண்ட விலை, ஒதுக்கின் காரணம் மூன்றையும் வெளிப்படையாக எழுதினோம். மிஞ்சினால் அறக்கட்டளையைக் கேட்டே செலவிடுவோம் என்றும் சேர்த்தோம்.

இரண்டாவது வேன் அதில் அடங்கவில்லை. நிர்வாகி பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ஆண்டு விழாவை அடித்தார். புது மேசை நாற்காலிகளை அடித்தார். பயிற்சிப் பயணங்களைப் பாதியாக்கினார்.

"ஒரே வேன். ரெண்டு ட்ரிப். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பத்தரைக்கு வகுப்பு, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஜாஸ்தி. டிரைவர்கிட்ட நானே பேசறேன். ஆய்த்தா, சரியா?"

"ஆய்த்தும்மா."

அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. ஏப்ரலில் முதல் பாதி வந்தபோது வங்கி கொடுத்தது நாற்பத்திரண்டு. அதன்பின் ரூபாய் எழுந்தது. என் நினைவறிய அப்படி எழுந்ததில்லை. நவம்பரில் இரண்டாம் பாதி முப்பத்தொன்பது ரூபாய் நாற்பது காசுக்கு வந்தது. கணக்கர் இருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார்.

"இருபது லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் சார். தப்பிச்சோம். நான் போட்ட நாப்பத்தேழை வெச்சிருந்தா?"

"மூணு லட்சத்துக்கு மேல துண்டு விழுந்திருக்கும்."



எஞ்சிய முப்பத்தைந்தாயிரத்துக்கு அனுமதி கேட்டு நிர்வாகியே கடிதம் எழுதினார். டீசல் விலை ஏறியிருந்ததால் அது இரண்டாம் நடைக்கு வேண்டும் என்று. நான் கையெழுத்திடும்போது வெளியே வேன் வந்து நின்றது. பத்து இருபத்தைந்து. பதினான்கு பேரும் இறங்கினார்கள்.