கெணிக்கூடு என்றொரு அத்தியாயம்

நாங்குநேரியில் தையல்கடை வைத்திருக்கும் அந்தப் பெண் என் பழைய சக ஊழியரின் தங்கை. தபால் துறையில் நான் திருவனந்தபுரத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், மலையாளம் வாசிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் பாளையங்கோட்டையில் இருக்கும் எனக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினாள். ஒன்று புத்தகத்தின் பின்னட்டை. இன்னொன்று பொருளடக்கம். உடனே அழைத்தாள்.

அவள் வீட்டுப் பின்சுவரின் விரிசலில் கொசுத்தேனீ கூடு வைத்திருந்தது. கொட்டாத, கொசு அளவே உள்ள தேனீ. வீட்டை விரித்துக் கட்டுவதற்காக அந்தச் சுவரை அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஒரு புத்தகக் கடையில் இந்த மலையாளப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறாள். அட்டையில் அதே பூச்சி. வாங்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் படம் மட்டும் எடுத்து வந்துவிட்டாள். கடையில் ஒரே பிரதிதான். சனிக்கிழமை வரை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்ததில் ஓர் அத்தியாயத்தின் பெயர் ‘ஏமாற்று வீடு’ என்று வந்ததாம்.

“சுவத்துல இருக்க கூட்ட எப்படி எடுக்கணும்னு அதுல இருக்கா அண்ணாச்சி? அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

பின்னட்டையை முதலில் வாசித்தேன். ஆசிரியர் அனுபவசாலி, எல்லா வீட்டிலும் இருக்க வேண்டிய நூல் என்ற வழக்கமான புகழ்ச்சி. கடைசி வரியின் பெரும்பகுதி விலைச்சீட்டுக்கு அடியில் போய்விட்டது. ‘பொளிக்காதெ’ என்ற சொல் மட்டும் தெரிந்தது. எதை உடைக்காமல் என்று தெரியாததால், அந்த வரி வாசிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டேன். பொருளடக்கத்தை வரிசையாகத் தமிழில் எழுதினேன்: தேனீயின் வாழ்க்கை, எதிரிகள், கெணிக்கூடு, கூடு பிரித்தல், தேன் எடுத்தல், மருந்துகள். கெணி என்றால் மலையாளத்தில் பொறி. எதிரிகளுக்கு அடுத்து வந்ததால், பல்லியையும் எறும்பையும் பிடிக்கும் பொறியாக இருக்கும் என்று நினைத்து ‘எதிரிகளைப் பிடிக்கும் பொறி’ என்று போட்டேன். சந்தேகக்குறி கூடப் போடவில்லை.

அப்படியானால் வேண்டாம் என்று பதில் வந்தது. தேடியது கிடைக்காத ஏமாற்றம் அந்தச் சின்ன வரியிலேயே தெரிந்தது.

சாயங்காலம் ஏதோ உறுத்த, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் பக்க எண்களை எழுதாமலே விட்டிருந்தேன். எதிரிகளுக்கு எட்டுப் பக்கம். அடுத்த அத்தியாயத்துக்கு இருபத்திரண்டு பக்கம். எதிரிகளைப் பற்றிச் சொல்லவே எட்டுப் பக்கம் போதும் என்றால், அவற்றைப் பிடிக்கும் பொறிக்கு இருபத்திரண்டு பக்கம் எதற்கு? பொறி தேனீக்குத்தானோ? அப்படியானால் சீட்டுக்கு அடியில் மறைந்தது ‘சுவர்’ ஆக இருக்கலாமே.

ஊகத்தை மறுபடி அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. அவளிடம் கடைக்காரரின் எண்ணை வாங்கி, நானே மலையாளத்தில் பேசினேன். அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தையும், சீட்டைக் கிழித்துவிட்டுப் பின்னட்டையையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. சீட்டின் கீழே இருந்த வரி, ‘சுவரை உடைக்காமல் கூட்டைப் பெட்டிக்கு மாற்றும் முறை’. முதல் பக்கத்தில் கோட்டோவியம்: சுவர்த் துளையிலிருந்து ஒரு குழாய் பெட்டிக்குள் போகிறது, பெட்டியின் மறுபக்கத்தில் தேனீ வெளியே போக இன்னொரு துளை.

அவளை அழைத்து, “நான் தப்பாச் சொல்லிட்டேம்மா. அது தேனீயையே புதுப் பெட்டிக்குப் பழக்குத கூடு” என்றேன்.

“நீங்க திரும்பப் பாக்கலன்னா நான் விட்டிருப்பேனே” என்றாள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். பின்னட்டை எத்தனை நாளாகும் என்று சொல்லவில்லை. அடுத்த மாதத்துக்குள் முடியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தே வாங்கினாள்.

புத்தகம் வந்ததும் நாங்குநேரிக்குப் போய் அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் வாய்விட்டுத் தமிழில் சொன்னேன். அவள் தையல் நோட்டில் எழுதிக்கொண்டாள். தேனீக்கள் குழாய் வழியே போய்வந்து பழகி, பெட்டிக்குள் சேமிக்கத் தொடங்கி, ராணியும் அங்கே வரச் சில மாதங்கள் ஆகும் என்றிருந்தது. கூடவே கேட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“அந்த மூலைய விட்டுட்டு மத்தத இடிக்கச் சொல்லுதேன்” என்றார்.

குழாய் பொருத்திய அன்று தேனீக்கள் பழைய வாசலைத் தேடி வெகுநேரம் சுற்றினவாம். மூன்றாம் நாள் பெட்டியின் துளை வழியே போய்வரும் வீடியோவை அனுப்பினாள். ராணி இன்னும் சுவருக்குள்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்த்து, எனக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.