பிரெஞ்சில் கேட்ட இருபது நிமிடம்

அந்த வாக்கியத்தை ஒலியாகத்தான் மனதில் வைத்துக்கொண்டு கூட்ட அறையிலிருந்து வெளியே வந்தேன். பொருள் தெரியாது. ஆனால் என்னைப் பற்றியது என்று தெரியும். சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு தடவை பார்த்தார், பிறகு மேசையிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

சொன்னவர் என் மேலாளர். மதுரைக்காரர், பாரிஸில் படித்தவர். குவைத்தில் ஒரு பிரெஞ்சு நிறுவனம் எடுத்திருந்த எண்ணெய்க் குழாய் வேலையில் அவருக்குக் கீழே நான் திட்டமிடல் பொறியாளர். எந்த வேலை எப்போது தொடங்கும், எது எதற்காகக் காத்திருக்கும், எங்கே தாமதம் என்று பார்ப்பது என் பொறுப்பு. தமிழர்களான எங்களிடம் தமிழில் பேசுவார். பாரிஸிலிருந்து வருபவர்களிடம் பிரெஞ்சு. நடுவில் அவர் ஒருவர்தான் பாலம், அதைத் தாண்டி எங்களில் யாரும் போனதில்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு துனிசியத் தோழி இருந்தாள். பிரெஞ்சு தெரிந்தவள், ஒப்பந்தக் கடிதங்களைப் பார்ப்பவள். அவளிடம் போய் அந்த ஒலிகளை அப்படியே ஒப்பித்தேன். "எல் எக்ஸெக்யூத், எல் நெ ரெஃப்லெஷி பா."

அவள் முகம் மாறியது. "யார் சொன்னது?"

"அர்த்தம் சொல்லு."

"சொன்னதைச் செய்வா, யோசிக்கத் தெரியாது."

அன்று அந்தக் கூட்டத்தில் அவர் காட்டிய, தாமதத்தை ஈடுகட்டும் மீட்புத் திட்டம் நான் போட்டது. வால்வுகள் வந்து சேர மாதங்கள் ஆகும் என்ற நிலையில் முழு வேலையும் நின்றிருந்தது. வால்வு வரவேண்டிய இடங்களில் தற்காலிகக் குழாய்த் துண்டுகளைப் பொருத்தி, நீரழுத்தச் சோதனையை முதலில் முடித்துவிடலாம் என்று வரிசையை மாற்றிக் கொடுத்தது நான். அவர் தன் பெயரைப் போட்டுக் காட்டிவிட்டு, எனக்கு யோசிக்கத் தெரியாது என்றும் சொல்லியிருந்தார்.

அந்த வாரமே நகரத்தில் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். வீடு இருந்த மங்காஃபிலிருந்து என்னை அழைத்துப்போக வேண்டியவர் என் கணவர்.

"இந்த வயசுல பிரெஞ்சு எதுக்கு? கனடாவுக்கு ஏதும் யோசிக்கிறியா?"

"ஒருத்தருக்குப் பதில் சொல்லணும்."

"ஒரு பதிலுக்கா இவ்வளவு டிராஃபிக்கு!" என்று முனகினார். ஆனாலும் ஒருநாளும் வண்டி எடுக்க மறுத்ததில்லை.

கோபம் நல்ல ஆசிரியர். வகுப்பில் மற்றவர்கள் வினைச்சொல் மாற்றங்களில் சலித்துக்கொண்டபோது நான் மேலாளர் முகத்தை நினைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். அலுவலகத்தில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. அவர் என் முன்னால் பிரெஞ்சில் பேசியதெல்லாம் மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. என்னைவிட இளையவர் ஒருவருக்குப் பதவி உயர்வு போகப்போகிறது என்பதையும் அப்படித்தான் முன்கூட்டியே தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகுதான் அபுதாபியிலிருந்த இயக்குநர் அம்மாவுக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். இந்தப் பகுதியின் திட்டமிடல் வேலைகள் எல்லாவற்றுக்கும் தலைவர், பிரெஞ்சுக்காரர். ஒருமுறை எங்கள் தளத்துக்கு வந்து அந்த மீட்புத் திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்டிருந்தார். மேலாளர் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

என் முதல் வரைவைத் துனிசியத் தோழி படித்துவிட்டு, "கலாஸ், போதும், இது குற்றப்பத்திரிகை. இதைப் பார்த்தா அந்தம்மா நேரா ஹெச்.ஆருக்கு அனுப்பிடுவாங்க" என்றாள்.

"நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்?"

"நீ அவங்ககிட்ட கேட்கப்போறது ஆலோசனை. நீதி இல்ல. வேலையும் கேட்காதே. அவங்களை எங்க பார்த்தே, உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும், எவ்வளவு நேரம் வேணும், அவ்வளவுதான். யல்லா, சீக்கிரம் மறுபடி எழுது."

'எனக்கு வேண்டும்' என்று நான் எழுதியிருந்த வினையை அவள் 'விரும்புவேன்' என்று மாற்றினாள். பிரெஞ்சில் அந்த ஒரு மாற்றத்தில்தான் மரியாதை இருக்கிறதாம். கடிதத்தை 'மதாம்' என்று தொடங்கினோம். 'உங்களைத் தொடர்புகொள்ளும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன்' என்ற வழக்கமான வரி. தளத்தில் அவரைச் சந்தித்ததை ஒரு வரியில் நினைவூட்டினேன். திட்டமிடலிலிருந்து தாமதங்களை ஆராயும் பிரிவுக்கு நகர நினைக்கிறேன், உங்கள் பார்வை எனக்கு உதவும், உங்களுக்கு வசதியான நேரத்தில் காணொளியில் இருபது நிமிடம் பேச முடியுமா என்று கேட்டேன். முன்கூட்டியே நன்றி. மேலாளரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அனுப்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் அனுப்பினேன்.

சில நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. வியாழன் மதியம் இரண்டு மணி, அபுதாபி நேரம். குவைத்தில் ஒரு மணி. மதியச் சாப்பாட்டு வேளை, கூட்ட அறை காலியாக இருந்தது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஒரு தாளில் வைத்திருந்தேன். அவற்றுக்குக் கீழே அந்தப் பழைய வாக்கியமும் இருந்தது. தருணம் பார்த்து எடுத்து வீசவேண்டும் என்றே வைத்திருந்தேன்.

அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை. "தாமத ஆய்வுக்கு வர நினைக்கிறீர்கள். நீங்கள் எடுத்த கடினமான ஒரு முடிவைச் சொல்லுங்கள்" என்றார்.

வால்வுகளைச் சொன்னேன். தற்காலிகக் குழாய்த் துண்டுகள் எந்த இடங்களில், ஏன் அந்த இடங்கள், பிறகு கழற்றி வால்வைப் பொருத்தும்போது அந்த இணைப்புகளை எப்படி மறுபடி சோதிப்பது என்றெல்லாம். என் பிரெஞ்சு இரண்டு இடத்தில் இடறியது. ஆண்பால் பெண்பால் குழம்பியது. அவர் திருத்தவில்லை.

நான் முடித்ததும் அவர் ஏதோ குறித்துக்கொண்டார். "அந்த இணைப்புகளைப் பற்றித்தான் அன்று நான் கேட்டேன். எனக்குப் பதில் கிடைக்கவில்லை" என்றார். பிறகு, "இப்போது கிடைத்துவிட்டது."

வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. வீசவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது இனி அதற்கு அவசியமில்லை என்று தெரிந்துவிட்டது. நான் எதுவும் சொல்லாமல் இருந்ததுதான் அந்த நேரத்தில் மேலாளர்மேல் விழுந்த பெரிய அடி.

ஆலோசனை சுருக்கமாக இருந்தது. அவர் பிரிவில் ஒரு இடம் வரப்போகிறது, பிரெஞ்சுக் கடிதங்களைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். "மற்றவர்களைப் போல விண்ணப்பியுங்கள். தேர்வுக்குழுவில் நானும் ஒருத்தி, அவ்வளவுதான். எதையும் உறுதி சொல்ல முடியாது" என்றார். "விண்ணப்பிக்கும் முன் உங்கள் மேலாளரிடம் நீங்களே தெரிவிக்க வேண்டும். அது விதி."

அந்த விதியை நான் எவ்வளவு நேசித்தேன்!

அன்று மாலையே நன்றி எழுதினேன். ஞாயிறு காலை மேலாளர் அறைக்குப் போனேன். பாரிஸ்காரர் ஒருவர் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போகும்வரை காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. நின்றபடியே, தெளிவான பிரெஞ்சில், அபுதாபிப் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன், உங்களுக்குத் தெரிவிக்க வந்தேன் என்றேன்.

மேலாளர் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. பாரிஸ்காரர் மகிழ்ந்துபோய் என் உச்சரிப்பைப் பாராட்டினார். மேலாளர் தமிழுக்கு இறங்கினார்.

"எப்பம்மா கத்துக்கிட்ட?"

"நீங்க அந்தக் கூட்டத்துல என்னைப் பத்திச் சொன்ன வாரத்துலேர்ந்து சார்."

"நான் என்ன சொன்னேன்?"

அந்த வாக்கியத்தை, அவர் இழுத்த அதே இழுப்பில், பாரிஸ்காரர் காதில் விழும்படி சொன்னேன். பாரிஸ்காரர் கோப்பையை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேலாளர் கழுத்து சிவந்தது. "அது சும்மா பேச்சுக்கு..." என்று தொடங்கினார். முடிக்கும்வரை நான் நிற்கவில்லை.

எழுத்துத் தேர்வும் இரண்டு நேர்காணலும் முடிந்து இடம் எனக்குக் கிடைத்தது. நாங்கள் அபுதாபிக்கு மாறினோம். அங்கே வேலை கிடைக்கும்வரை கணவர் தினமும் என்னை அலுவலகத்தில் கொண்டுவிட்டுத் திரும்பினார். குவைத்திலிருந்து வரும் தாமத அறிக்கைகளைச் சரிபார்ப்பது இப்போது என் வேலை. அவற்றில் கையெழுத்து என் பழைய மேலாளருடையது.

முதல் அறிக்கையை ஆறேழு கேள்விகளோடு திருப்பி அனுப்பினேன். மிக மரியாதையான பிரெஞ்சு, ஒவ்வொன்றிலும் 'மெஸ்யூ', அதாவது ஐயா. கேள்விகள் நியாயமானவை, இயக்குநரும் ஆமோதித்தார். இரண்டாவதும் திரும்பிப் போனது. என் ஒவ்வொரு குறிப்பையும் மேலாளர் ஒருமுறைக்கு இருமுறை படித்திருப்பார் என்ற நினைப்பில் மதியம் சோறு நன்றாக இறங்கியது.

மூன்றாவது அறிக்கையை ஒரு முழு நாள் வைத்திருந்து வரி வரியாகத் தேடினேன். ஒரு பிழையும் இல்லை. வேறு வழியில்லாமல் அனுமதித்தேன். அன்று வீட்டுக்கு வந்தும் எரிச்சல் அடங்கவில்லை.