வீரய்யா கவ்வாத்து வெட்டிய நாற்பது தோடைகள்

கோபம் வந்தால் வீரய்யாவுக்குக் கண் தெரியாது. கையில் கத்தி இருந்தால் அதுவும் தெரியாது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் அவனைப் போல் தேயிலைச் செடியைத் தாழக் கழித்துக் கவ்வாத்து வெட்ட ஆளில்லை. அப்படிப்பட்டவன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணியின் தாடையைப் பெயர்த்துவிட்டு, பெண்டாட்டி மீனம்மாவோடு தொழிலாளர் வரிசைவீடான லயத்தை விட்டு விரட்டப்பட்டான்.

அவனுக்கு இடம் கொடுத்தவர் அட்டனில் கடை வைத்திருந்த மர்சூக் முதலாளி. கினிகத்தேனைக்குக் கீழே அவருக்கு நாலு ஏக்கர் காணி. "தோடையும் தென்னையும் வெச்சுக் காய்க்க வெச்சிட்டா அங்க இருக்கிற வூடு ஒனக்குத்தான்" என்றார். மண்சுவர் வைத்த ஒற்றை அறைதான். ஆனாலும் பிறந்ததிலிருந்து லயத்துக் காம்பராவிலேயே கிடந்தவனுக்கு அது அரண்மனை.

தோடை ஆரஞ்சுக் கன்றும் தென்னம்பிள்ளையும் எடுக்க அவன் சந்தைப் பக்கமே போகவில்லை. விதையில் முளைத்த செடிக்கு வாழைநாரைச் சுற்றி ஒட்டுக்கன்று என்று தலையில் கட்டுகிற பயல்கள் அங்கே அதிகம். விசாரித்து மூக்கனின் நாற்றுமேடைக்குப் போனான். மூக்கன் துரை பங்களாத் தோட்டத்தில் ஒட்டுக்கட்டப் படித்தவர்.

"வேரப் பாக்கணும், ஒரு கன்னக் கவுத்துக் காட்டுங்க" என்றான் வீரய்யா.

மூக்கன் சிரித்துக்கொண்டே கன்று நின்ற மூங்கில் குழாயைப் பிளந்தார். வெள்ளை வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தன. சுருண்டு கிடந்த வேரோ அழுகல் வாடையோ இல்லை. தண்டில் ஒரு சாண் உயரத்தில் ஒட்டின வடு ஆறியிருந்தது. ஒவ்வொன்றிலும் பிபிலைத் தோடை என்ற இனப்பெயரும் ஒட்டின தேதியும் கீறிய தகரத்துண்டு தொங்கியது. தென்னம்பிள்ளையிலும் ஒல்லியாக நீண்டதையெல்லாம் தள்ளிவிட்டு, அடி பருத்து, சீக்கிரம் ஓலை பிரிந்ததாகப் பார்த்து எடுத்தான். குறை சொல்ல ஒன்றுமில்லாத தேர்வு.

இரண்டாம் வருசம் தோடை இடுப்பளவு வளர்ந்தது. ஒரே ஒரு கொம்பாய் நெட்டுக்குத்தாகப் போவது வீரய்யாவின் கண்ணை உறுத்தியது. கத்தியைத் தீட்டினான். தரையிலிருந்து நாலு விரல் விட்டு, நட்டிருந்த நாற்பதையும் வெட்டித் தள்ளினான். மழைக்குப் பிறகு ஒவ்வொரு கட்டையிலும் ஐந்தாறு கொழுந்து வெடித்தது. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் மரங்கள் காய்த்தன. முதலாளி ஒன்றை உரித்து வாயில் வைத்தார், உடனே துப்பினார். தோல் தடித்த காட்டு எலுமிச்சை. கிளையெல்லாம் முள்.

"ஏமாந்துட்ட வீரய்யா. இந்தக் காணிய வித்துர்றேன். வேற எடம் பாத்துக்க."

மறுநாள் முதலாளி விளக்கம் கேட்க மூக்கனையே காணிக்குக் கூட்டிவந்தார். மூக்கன் வாயைத் திறக்குமுன் வீரய்யா பாய்ந்தான். மூக்கில் விழுந்த முதல் குத்திலேயே மூக்கன் முள்மரத்தின்மேல் சரிந்தார். முதுகு கிழிந்தது. எழ முயன்றவரின் விலாவில் மிதித்தான்.

"என் வூட்டத் தின்னுட்டியேடா!"

"அண்ணே, நான் குடுத்தது நல்ல கன்னுண்ணே..."

இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவி இறக்கினான். தலைக்கு மறைப்பாக மூக்கன் தூக்கிய வலது கையில் இரண்டு விரல்கள் தெறித்து விழுந்தன. மீனம்மா அலறினாள். முதலாளி வீரய்யாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தானும் விழுந்தார்.

ரத்தக் கையைக் கட்டியிருந்த சாரத்தின் முனையில் சுருட்டிக்கொண்டு மூக்கன் முழங்காலில் தவழ்ந்தார். பக்கத்து மரத்தின் அடியில் புல்லை விலக்கினார். அடுத்ததற்குத் தவழ்ந்தார், அங்கேயும் விலக்கினார்.

"ஒட்டு எங்க? ஒரு சாண் ஒசரத்துல இருந்த வடு எங்கண்ணே? இத யாரு இங்க வெட்டினது?"

வீரய்யா கத்தியைக் கீழே போட்டான். தேயிலை எங்கே வெட்டினாலும் தேயிலையாகவே தளிர்க்கும். அதற்கு மேல் அவன் யோசித்ததில்லை. ஒட்டுக்குக் கீழே வெட்டினால் இனிப்புத் தோடை வெட்டுப்பட்ட கொம்போடு போய்விடும், மிச்சம் முளைப்பது அடிச்செடியான காட்டு எலுமிச்சைதான். அது இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"நாந்தான்" என்றான். "நாந்தான் கவ்வாத்து வெட்டுனேன்."

"எத்தன கன்னு?"

"நாப்பதும்."

அதுவரை அழாத மூக்கன் அந்த மண்ணிலேயே குப்புற விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "வெரல் போனாப் போகட்டும்டா பாவி! நாப்பதுமா? ஒண்ணுகூட விட்டு வெக்கலியா?"

வீரய்யாவுக்குக் கண்டிச் சிறையில் இரண்டு வருசம். அங்கே எத்தனையோ பேரிடம் அடி வாங்கினான், ஒருவனையும் திருப்பி அடிக்கவில்லை. மூக்கன் அதற்குப் பிறகு ஒட்டுக் கட்டவில்லை.