கியாத் என்று தேடினால்

பெய்ரூத்தில் நுஹாத் பாதி ஆயுளை வானொலியில் ஒலி வெட்டி ஒட்டியே கழித்தவள். வேலை போனதும், வீட்டில் கிடந்த கேசட்டுகளை வைத்து ஒரு பாட்காஸ்ட் தொடங்க நினைத்தாள். போரில் தபால் நின்றபோது, குவைத்தில் இருந்த அப்பாவுக்கு வீட்டில் எல்லோரும் பேசி, பயணம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பியவை அவை. அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் ஒவ்வொன்றும் தொடங்கும். பெயர்களைச் சொல்வது அண்ணன் கியாத். ஒருநாள் சாலைச் சோதனையில் பேருந்திலிருந்து இறக்கப்பட்டவன் திரும்பவில்லை.

தொழில்நுட்பம் பார்க்கும் ஜாத், பாட்காஸ்டுக்கு வைக்கக்கூடிய பெயர்களைத் தேடல் பெட்டியில் போட்டுப் பார்த்தான்.

"'கேசட்'னு வெச்சா நாம ஆயிரமாவது பக்கத்துல கிடப்போம் அக்கா. 'போர்க்காலக் குரல்கள்'னா ஏற்கெனவே நாலு பேர் வெச்சிருக்காங்க."

பிறகு அண்ணனின் முழுப்பெயரைத் தட்டினான். "கியாத் சர்ரூஃப். ஒரே ஒரு பக்கம்தான் வருது! இந்தப் பேர் மொத்தமா நமக்குத்தான்."

"அது என்ன பக்கம்னு பாரு."

காணவில்லை என்ற அறிவிப்பு. அவன் படம், நுஹாத்தின் தொலைபேசி எண்.

"உலகத்துல எங்கயாவது ஒருத்தர் இந்தப் பேரைத் தேடுறார்னா, அவனைத் தெரிஞ்சவராத்தான் இருக்கணும். அவருக்கு என் நம்பர் கிடைக்கணும். உன் விளம்பரம் இல்ல."

ஜாத் கணினியை மூடினான். ஜெனரேட்டர் உறுமியது.

"சரி. அடுத்த வருஷம் இதே தொடர்ல மத்தவங்க வீட்டு கேசட்டும் வருமே. அவங்க அம்மா குரலுக்கு உங்க அண்ணன் பேரா? அதுவும் பொருந்தாதுதான்."

நுஹாத் ஒரு கேசட்டை ஓடவிட்டாள். "அறையில் யார் யார்?" என்று கியாத் கேட்டான். அவனே பெயர்களையும் சொன்னான்.

ஜாத் மறுபடி கணினியைத் திறந்து, அந்தக் கேள்வியையே பெயராகத் தட்டினான். ஏதோ ஒரு பழைய நாடகம் மட்டும் வந்தது. சமூக ஊடகங்களில் அந்தக் கணக்குப் பெயரையும் யாரும் எடுத்திருக்கவில்லை. தன் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பெயரை ஒரே முறை சொல்லி, வேறு கதை பேசிவிட்டு, "என்ன பேர் சொன்னேன்?" என்று கேட்டான்.

"'அறையில் யார் யார்'. ஏன்டா, அங்க யார் இருக்கா? சாப்டியா நீ?"

"மேடை நிகழ்ச்சி, புத்தகம் எதுக்கு வேணும்னாலும் இது போதும் அக்கா."

முதல் பகுதியில் நுஹாத் கேசட்டுகளின் வழக்கப்படியே தொடங்கினாள். "அறையில் நான், ஜாத்." பிறகு பேசவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னால் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடைவெளியை வெட்டிடவா?"

"வேண்டாம். ஆள் இருக்கு."

இணையத்தில் ஏற்றியபோது குறிப்பில் 'என் அண்ணன்' என்று மட்டும் எழுதினாள். குரலில் அவன் பெயர் கேட்கும். எழுத்தில் எங்கும் இல்லை. தொடரைக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். தினமும் காலையில் காபிக்கு முன் அவள் அண்ணனின் பெயரைத் தட்டிப் பார்க்கிறாள். இன்றும் அறிவிப்பு ஒன்றுதான் வருகிறது. அதில் இருபத்திரண்டு வயதில் சிரிக்கிறான்.